சம்பளம் ஏறினால் விலை ஏறுமா? கேள்வியிலேயே ஒளிந்திருக்கும் பதில்

பட்டிமன்றம் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் டி.வி. முன்னால் உட்கார்ந்தவர்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். தலைப்பு சரியில்லை என்றால், எவ்வளவு பெரிய பேச்சாளர் வந்தாலும் பட்டிமன்றம் எடுபடாது. சில தலைப்புகளில் தீர்ப்பு முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கும். சிலவற்றில் இரண்டு அணியும் வெவ்வேறு விஷயத்தைப் பற்றிப் பேசிவிட்டுப் போய்விடுவார்கள்.

இது எனக்கு மறுபடி நினைவுக்கு வந்தது சுவிட்சர்லாந்தில், பெர்ன் நகரத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். எங்கள் மாடிக்குக் கீழே ஒரு ஈழத்தமிழ்க் குடும்பம் இருக்கிறது. அண்ணை இருபது வருடத்துக்கு மேலாக உணவக சமையலறையில் வேலை செய்பவர். அவருடைய மகள் இங்கே கிம்னாசியம் மாணவி. 'பொருளாதாரமும் சட்டமும்' பாடத்துக்காகப் பணவீக்கமும் ஊதியமும் பற்றி நாலு பக்கக் கட்டுரை ஒன்றைக் கொடுத்திருக்கிறார்கள். அதைப் படித்து விவாதக் கேள்விகள் தயாரிக்க வேண்டும்.

"மாமா, ரெண்டு பக்கமும் வாதாடக்கூடிய கேள்வியா இருக்கோணுமாம். நான் மூண்டு எழுதிட்டன். பாத்துச் சொல்லுங்கோ" என்று தாளை நீட்டினாள்.

நான் பொறியியல் படித்தவன். பிழைப்பு மென்பொருளில். பொருளாதார நிபுணன் இல்லை. ஆனால் கேள்வி தப்பாக இருந்தால் நிரல் எவ்வளவு சரியாக ஓடினாலும் விடை தப்பாகத்தான் வரும் என்பது என் தொழிலில் தினமும் பார்ப்பது. அந்த மூன்று கேள்விகளையும் வைத்துக்கொண்டு அன்று மாலை வரை பேசினோம். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் கேள்வி: சம்பள உயர்வு விலைவாசியை உயர்த்துகிறதா?

கட்டுரையில் 'ஊதிய-விலைச் சுழல்' என்று ஒரு பகுதி. தொழிலாளர்கள் சம்பளம் கூடக் கேட்கிறார்கள், முதலாளி அந்தச் செலவை விலையில் ஏற்றுகிறார், விலை ஏறியதால் தொழிலாளர்கள் மறுபடி கேட்கிறார்கள் என்று சுற்றிக்கொண்டே போகும் கதை. 1970களில் எண்ணெய் விலை ஏறியபோது பல மேற்கத்திய நாடுகள் இப்படிச் சிக்கியதை உதாரணமாகக் கொடுத்திருந்தார்கள். அதைப் படித்த பிள்ளைக்கு இந்தக் கேள்வி தோன்றியதில் ஆச்சரியம் இல்லை.

ஆனால் கவனியுங்கள். 'சம்பள உயர்வு விலைவாசியை உயர்த்துகிறதா' என்று கேட்ட உடனே, கதை சம்பளத்தில் தொடங்கியது என்று நாம் ஏற்றுக்கொண்டுவிட்டோம். எந்த நாடு, எந்த ஆண்டு, முதலில் ஏறியது எது என்ற கேள்விகள் காணாமல் போய்விட்டன.

சுவிட்சர்லாந்தின் கணக்கையே பார்ப்போம். இங்கே கூட்டாட்சிப் புள்ளியியல் அலுவலகம் ஆண்டுதோறும் இரண்டையும் வெளியிடுகிறது. 2022-ல் சராசரி விலைவாசி 2.8 சதவீதம் ஏறியது. அதே ஆண்டில் சம்பளம் ஏறியது 0.9 சதவீதம்தான். 2023-ல் விலைவாசி 2.1, சம்பளம் 1.7. அதாவது இரண்டு வருடமும் சம்பளம் விலைக்குப் பின்னால்தான் ஓடியிருக்கிறது. உக்ரைன் போருக்குப் பிறகு எரிபொருளும் இறக்குமதிப் பொருளும் ஏறின, அதை விலைவாசி பிரதிபலித்தது. பின்னால் வருகிற வண்டி முன்னால் போகிற வண்டியை இழுத்தது என்று சொல்ல முடியுமா?

2024-ல்தான் சம்பளம் 1.8 சதவீதம் ஏற, விலைவாசி 1.1 சதவீதத்தில் நின்றது. சம்பளம் வேகமாக ஏறிய அந்த வருடம்தான் விலையேற்றம் பாதியாகக் குறைந்திருக்கிறது. 2025-ல் அது இன்னும் இறங்கி 0.2 சதவீதத்துக்கு வந்துவிட்டது.

"அப்ப சுழல் எண்டதே பொய்யா மாமா?" என்று கேட்டாள்.

பொய் இல்லை. அதற்குச் சில நிபந்தனைகள் வேண்டும். ஒரு உணவகத்தில் நூறு பிராங்க் செலவில் ஐம்பது சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். சம்பளம் 3 சதவீதம் ஏறினால் மொத்தச் செலவு 1.5 சதவீதம்தான் ஏறும். அதை முழுதாக விலையில் ஏற்றினாலும், அந்த 1.5-க்கு ஈடாகச் சம்பளம் ஏறும்போது செலவு 0.75 ஏறும். அடுத்தது அதிலும் பாதி. சுழல் தானாகவே தேய்ந்துபோகும். அது தேயாமல் வளர வேண்டுமென்றால் வேறு ஏதாவது சேர வேண்டும். எல்லோரும் அடுத்த வருடம் இன்னும் ஏறும் என்று எதிர்பார்த்து முன்கூட்டியே விலையையும் சம்பளத்தையும் கூட்ட வேண்டும். இலாப விகிதத்தையும் யாரும் விட்டுக்கொடுக்கக் கூடாது. மத்திய வங்கியும் கையைக் கட்டிக்கொண்டு பார்க்க வேண்டும். சுவிஸ் தேசிய வங்கி அப்படிப் பார்க்கவில்லை. மைனஸ் 0.75 சதவீதத்தில் இருந்த வட்டியை 2022 ஜூனில் ஏற்றத் தொடங்கி ஒரே வருடத்தில் 1.75-க்குக் கொண்டுவந்தது.

ஆகவே கேள்வியை இப்படி மாற்றினோம்: '2022 முதல் 2024 வரை சுவிட்சர்லாந்தில் சம்பள உயர்வு விலையேற்றத்துக்குக் காரணமா, விளைவா?' நாடும் ஆண்டும் வந்துவிட்டன. இப்போது இரண்டு அணிகளும் ஒரே எண்களை வைத்துக்கொண்டு மோத வேண்டும்.

இரண்டாவது கேள்வி: விலை ஏறினால் சம்பளம் தானாக ஏற வேண்டுமா?

இதைப் படித்ததும் எனக்கு அப்பா ஞாபகம் வந்தது. அவர் அரசுப் பள்ளி ஆசிரியராக இருந்தவர். எங்கள் வீட்டில் 'டி.ஏ. அறிவிச்சாச்சா?' என்பது வருடத்துக்கு இரண்டு தடவை கேட்கும் கேள்வி. அகவிலைப்படிக்கு யாரும் மேலாளரிடம் போய்த் தலையைச் சொறிய வேண்டியதில்லை. தொழிலாளர்களுக்கான விலைக் குறியீடு ஏறினால், அதன் கணக்குப்படி படியும் ஏறும். அதைச் சம்பள உயர்வு என்று அப்பா ஒருநாளும் சொன்னதில்லை. இன்கிரிமென்ட் வேறு, டி.ஏ. வேறு.

அந்த வித்தியாசம் எனக்கு இங்கே வந்த பிறகுதான் உறைத்தது. 2023 வசந்தத்தில் என் கைக்கு ஒரு கடிதம் வந்தது. சம்பளம் 2 சதவீதம் உயர்வு, உங்கள் உழைப்புக்கு நன்றி என்று இருந்தது. நானும் பல்லைக் காட்டி நன்றி சொல்லிவிட்டு வந்தேன். அதற்கு முந்தின வருடம் விலை ஏறியது 2.8 சதவீதம். அப்படியென்றால் எனக்குக் கிடைத்தது உயர்வா, வெட்டா? வாங்கும் சக்தியில் பார்த்தால் முக்கால் சதவீதத்துக்குக் கிட்டத்தட்ட வெட்டு. வெட்டுக்கு நன்றி சொன்ன முதல் ஆள் நானாக இருக்க மாட்டேன் என்று நினைத்து ஆறுதல் அடைந்தேன்.

சுவிட்சர்லாந்தில் விலைக்கேற்ப மாறும் விதிகள் இல்லாமல் இல்லை. முதியோர் ஓய்வூதியத்துக்கு விதி இருக்கிறது. விலைக் குறியீடு, ஊதியக் குறியீடு இரண்டின் சராசரியை வைத்து வழக்கமாக இரண்டு வருடத்துக்கு ஒருமுறை திருத்துகிறார்கள். வாடகைக்கும் விதி இருக்கிறது. வீட்டு உரிமையாளர் விலைவாசி உயர்வில் 40 சதவீதத்தை வாடகையில் ஏற்றலாம். அடமானக் கடனுக்கான அடிப்படை வட்டி விகிதம் கால் சதவீதம் ஏறினால், இன்றைய வட்டி நிலையில் வாடகை 3 சதவீதம் ஏறலாம். 2023-ல் மட்டும் ஜூனிலும் டிசம்பரிலும் இரண்டு தடவை அந்த விகிதம் ஏறியது. ஆனால் நாடு முழுக்கச் சம்பளத்துக்கென்று அப்படி ஒரு விதி கிடையாது. தொழிற்சங்கம் பேச வேண்டும், அல்லது தனியாளாக நாம் பேச வேண்டும்.

ஜெனீவா மாநிலம் ஒரு விலக்கு. 2020 செப்டம்பரில் மக்கள் வாக்களித்து மணிக்கு 23 பிராங்க் குறைந்தபட்ச ஊதியம் கொண்டுவந்தார்கள். அது விலைக் குறியீட்டோடு கட்டப்பட்டிருப்பதால் 2023-ல் 24 பிராங்க் ஆனது. நாடு முழுக்க 22 பிராங்க் வேண்டும் என்று 2014-ல் வந்த யோசனையை முக்கால்வாசிப் பேர் நிராகரித்ததும் இதே நாட்டில்தான்.

எதிரணிக்கும் நல்ல வாதம் இருக்கிறது. பெல்ஜியத்தில் சம்பளம் தானாக ஏறும். 2023 ஜனவரியில் அங்கே தனியார் அலுவலக ஊழியர்களில் பெரும்பகுதிக்கு ஒரே நாளில் 11.08 சதவீதம் ஏறியது. எரிவாயு விலையால் ஏற்கெனவே திணறிய சிறு நிறுவனத்துக்கு அந்த ஜனவரி எப்படி இருந்திருக்கும்? பக்கத்து நாட்டுப் போட்டியாளருக்கு அந்தச் சுமை இல்லை. இத்தாலி இதேபோன்ற முறையை வைத்திருந்து, பணவீக்கத்தை அது நீட்டிக்கிறது என்ற வாதத்தோடு 1992-ல் கைவிட்டது. அதே சமயம் பெல்ஜியத்தில் விலைவாசி 2023-க்குள்ளேயே வேகமாக இறங்கிவிட்டது, சுழல் எதுவும் கிளம்பவில்லை என்பதையும் முதல் அணி சொல்லலாம்.

தானாக ஏறுவதும் எப்போதும் தானாக ஏறிவிடாது. கொரோனா காலத்தில் இந்திய மத்திய அரசு அகவிலைப்படியின் மூன்று தவணைகளை நிறுத்தி வைத்தது. 2021 ஜூலையில் விகிதத்தைத் திரும்பக் கூட்டினார்கள். நடுவில் போன மாதங்களின் நிலுவை வரவில்லை.

இங்கே நான் அவளிடம் சொன்னது ஒன்றுதான். 'ஏற வேண்டுமா' என்று கேட்காதே. விலை ஏறும் நாளுக்கும் சம்பளம் ஏறும் நாளுக்கும் நடுவில் ஒரு இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியின் நஷ்டத்தை யாராவது சுமந்துதான் ஆக வேண்டும். தானாக ஏறினால் முதலாளி சுமக்கிறார், பேசித்தான் ஏறும் என்றால் தொழிலாளி சுமக்கிறார். ஆகவே கேள்வி: 'விலையேற்றத்துக்கும் சம்பள உயர்வுக்கும் இடைப்பட்ட காலத்தின் நஷ்டம் யாருடையது?' இதில் ஆம், இல்லை என்று தப்பிக்க முடியாது.

மூன்றாவது கேள்வி: பணவீக்கம் எல்லோரையும் சமமாகப் பாதிக்கிறதா?

இதுவரை அண்ணை சோஃபாவில் பேசாமல் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். இந்த இடத்தில் வாயைத் திறந்தார்.

"தம்பி, சம்பளம் கூடினது உண்மைதான். பொய் சொல்லேல்லை. ஆனா மாசக் கடைசியில கையில நிக்கிற காசு கூடேல்லை. இது எப்பிடி?"

நல்ல கேள்வி. மகள் எழுதியதைவிட நல்ல கேள்வி. தாளைத் திருப்பிப் போட்டுக் கணக்குப் போட்டோம்.

சுவிஸ் உணவகத் தொழிலுக்கு நாடு தழுவிய கூட்டு ஊதிய ஒப்பந்தம் ஒன்று இருக்கிறது. தொழிற்பயிற்சிச் சான்றிதழ் இல்லாத முழுநேரத் தொழிலாளிக்கு அதில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2022-ல் 3,477 பிராங்க். 2023-ல் 3,582. 2024-ல் 3,666. இரண்டு வருடத்தில் 189 பிராங்க் கூடியிருக்கிறது.

2022-ன் 2.8 சதவீதத்தையும் 2023-ன் 2.1 சதவீதத்தையும் ஈடுகட்ட எவ்வளவு தேவை? 3,477-ஐ அந்த இரண்டு சதவீதங்களாலும் ஏற்றினால் சுமார் 3,649 வரும். ஆக 172 பிராங்க் போதும். கிடைத்தது 189. புத்தகக் கணக்கில் அண்ணை 17 பிராங்க் லாபத்தில் இருக்கிறார். சங்கம் நன்றாகத்தான் பேசியிருக்கிறது, என் கடிதத்தைவிட நன்றாக.

அப்படியானால் காசு எங்கே போனது? கிராங்கன்காஸ. இங்கே மருத்துவக் காப்பீடு கட்டாயம். பிரீமியம் வருமானத்தைப் பார்த்து வருவதில்லை, தலைக்கு இவ்வளவு என்று வரும். வங்கி இயக்குநரும் பாத்திரம் கழுவுபவரும் ஒரே ஊரில் ஒரே திட்டத்தில் இருந்தால் ஒரே தொகை. நாட்டின் சராசரி பிரீமியம் 2023-க்கு 6.6 சதவீதம், 2024-க்கு 8.7 சதவீதம், 2025-க்கு 6 சதவீதம் என்று ஏறியது. 2022-ல் மாதம் 400 பிராங்க் கட்டிய ஒருவருக்கு அந்தச் சராசரிப்படியே ஏறினால் 2024-ல் 463 பிராங்க் 50 சதம். கூடுதல் 63 பிராங்க் 50.

இந்தப் பிரீமியம் சுவிஸ் நுகர்வோர் விலைக் குறியீட்டில் இல்லை. பலருக்கு இது தெரியாது, எனக்கும் அன்றுவரை அரைகுறையாகத்தான் தெரியும். அதற்கென்று புள்ளியியல் அலுவலகம் தனியாக ஒரு பிரீமியக் குறியீடு வெளியிடுகிறது. ஆனால் 'விலைவாசி 2.1 சதவீதம்' என்று செய்தியில் வரும் எண்ணுக்குள் அது வராது.

கணக்கை நியாயமாக முடிப்போம். 172 பிராங்க் ஈடு என்பது மொத்தச் சம்பளத்துக்கும் கொடுத்த ஈடு. அதில் பிரீமியம் கட்டும் 400 பிராங்குக்கான பங்கு சுமார் 20 இருக்கிறது. லாபம் 17-ஐயும் சேர்த்தால் 37. பிரீமியம் ஏறியது 63 பிராங்க் 50. ஆக மாதம் சுமார் 27 பிராங்க் துண்டு விழுகிறது. பிடித்தங்களைக் கழித்தால் இன்னும் கொஞ்சம் கூடும். வீட்டில் வருமானம் இல்லாத இரண்டாவது பெரியவர் இருந்தால் அவருடைய பிரீமியமும் இதே சம்பளத்திலிருந்துதான் போகும். அண்ணையின் சந்தேகத்துக்கு விடை கிடைத்துவிட்டது. சம்பளமும் கூடியது, கையில் நிற்கும் காசும் குறைந்தது, இரண்டும் உண்மை.

இதில் புள்ளியியல் அலுவலகம் ஏமாற்றுகிறது என்று சொல்லிவிட்டுப் போனால் மறுபடி தப்பான பட்டிமன்றம் ஆகிவிடும். அவர்கள் தரப்பு வாதம் வலுவானது. விலைக் குறியீடு அளப்பது விலையை. மருத்துவர் கட்டணமும் மருந்து விலையும் ஏற்கெனவே கூடையில் இருக்கின்றன. பிரீமியம் ஏறுவதற்குப் பெரிய காரணம் நாம் முன்பைவிட அதிகமாக மருத்துவம் செய்துகொள்வது. வயதானவர்கள் கூடுகிறார்கள், புதிய சிகிச்சைகள் வருகின்றன. ஒரு தோசையின் விலை ஏறுவது வேறு, வாரத்துக்கு ஒன்று சாப்பிட்டவன் மூன்று சாப்பிடுவது வேறு. பிரீமியத்தையும் கூடையில் போட்டால் மருத்துவச் செலவை இரண்டு தடவை எண்ணியதாக ஆகும். குறைந்த வருமானக் குடும்பங்களுக்குப் பிரீமியத்தில் மாநில அரசு உதவித்தொகை கொடுக்கிறது என்பதையும் அந்த அணி சொல்லும்.

எல்லாம் சரிதான். ஆனால் அண்ணை அந்த மூன்று தோசையையும் கேட்கவில்லை. நாட்டின் மொத்த மருத்துவச் செலவு கூடியது, அதன் பங்கு அவர் தலையில் பில்லாக வந்தது. கட்டாமல் இருக்கவும் முடியாது. விலையை அளக்கச் செய்த கருவியை, வாழ்க்கைச் செலவுக்கு ஈடு பேசும் மேசையில் கொண்டுவந்து வைக்கிறோம். கோளாறு கருவியில் இல்லை, அதை வைத்த இடத்தில்.

பிரீமியம் யாருக்கும் வருமானத்தில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று ஒரு யோசனை 2024 ஜூன் 9-ல் மக்கள் வாக்கெடுப்புக்கு வந்தது. தோற்றது. மிச்சச் செலவை வரியிலிருந்து யார் கட்டுவது என்ற பயம் வென்றது. அதுவும் ஒரு நியாயமான பயம்தான். ஆனால் அதன் பிறகு இந்தச் சுமை சம்பள மேசைக்குத்தான் வந்து சேரும், வேறு எங்கும் போக இடமில்லை.

மூன்றாவது கேள்வியை அண்ணையின் வாயிலிருந்து வந்தபடியே எழுதச் சொன்னேன்: 'சம்பளப் பேச்சில் ஈடு கேட்கும்போது விலை உயர்வை மட்டும் கணக்கில் எடுப்பதா, கட்டாயச் செலவு உயர்வையும் எடுப்பதா?'

என் தீர்ப்பு

பட்டிமன்றம் என்றால் நடுவர் எழுந்து ஒரு பக்கம் சாய வேண்டும். நானும் சாய்கிறேன்.

பெல்ஜியம் மாதிரி எல்லோருக்கும் தானாக ஏறும் முறை வேண்டும் என்று நான் கேட்கவில்லை. என்னைப் போன்ற ஐ.டி. ஆள், நல்ல சம்பளத்தில் இருப்பவன், ஒரு வருடம் முக்கால் சதவீதம் இழந்தால் ஊருக்குப் போகும் விமான டிக்கெட்டைத் தள்ளிப்போடுவேன், அவ்வளவுதான். ஆனால் ஒப்பந்தத்தின் அடிமட்டத்தில் இருக்கும் சம்பளங்களுக்கு ஜெனீவாவில் இருப்பது போன்ற குறியீட்டுப் பிணைப்பு நாடு முழுக்க வேண்டும். இடைவெளியின் நஷ்டத்தைச் சுமக்கத் திராணி இல்லாதவர்களை அதில் நிறுத்தக் கூடாது. அந்தப் பேச்சு மேசையில் விலைக் குறியீட்டோடு பிரீமியக் குறியீடும் பக்கத்திலேயே இருக்க வேண்டும். இரண்டையும் ஒரே அலுவலகம்தான் வெளியிடுகிறது, ஒரு காகிதம் கூடுதலாக அச்சடித்தால் போதும்.

இன்னொன்று, நிறுவனங்கள் கடிதம் எழுதும்போது விலைக்கு ஈடு இவ்வளவு, உண்மையான உயர்வு இவ்வளவு என்று இரண்டு வரியாகப் பிரித்து எழுதட்டும். அப்பாவின் சம்பளச் சீட்டில் அந்தக் காலத்திலேயே அது இருந்தது.

மறுவாரம் படியில் பார்த்தபோது, வகுப்பில் எந்தக் கேள்வியை எடுத்தார்கள் என்று கேட்டேன். "மூண்டாவது. டீச்சர் இது எங்க இருந்து வந்தது, கட்டுரையில இல்லையே எண்டு கேட்டவ. அப்பாட்ட இருந்து எண்டு சொன்னன்" என்றாள்.